எனக்குக் கேட்கிறது, அவருக்குக் கேட்கவில்லை

“ஹலோ… ஹலோ… பேசுங்க, ஒண்ணுமே கேட்கலையே” என்கிறார் எதிர்முனையில் இருப்பவர். அவர் சொல்வது ஒவ்வொரு சொல்லும் நம் காதில் தெளிவாக விழுகிறது. நாம் எவ்வளவு உரக்கப் பேசினாலும் அது அவரைப் போய்ச் சேரவில்லை. அவர் இன்னும் இரண்டு ஹலோ சொல்லிவிட்டு வைத்துவிடுகிறார்.

கறுப்பு டயல் போன் காலத்திலும் இது நடந்தது, கையில் ஸ்மார்ட்போன் இருக்கும் இன்றும் நடக்கிறது. ஆனால் காரணம் இடம் மாறிவிட்டது. அன்று ஒருவர் குரல் எதிர்முனைக்குக் கேட்கவில்லை என்றால், கோளாறு அநேகமாகப் பேசுபவரின் கையில் இருந்த கருவியில்தான் இருந்தது. இன்று பேசுபவரிடம் எந்தக் குறையும் இல்லாமலே அவர் குரல் காணாமல் போகலாம். அதிலும் அலுவலக இணையத் தொலைபேசிகளில், ‘கேட்கவில்லை’ என்று சொல்பவரின் பக்கத்தில்தான் பல நேரம் பிழை இருக்கிறது. இது தெரியாததால்தான் நல்ல ஹெட்செட்டைத் தூக்கிப் போடுகிறோம், பழுதில்லாத போனைக் கடையில் கொடுத்துக் காத்திருக்கிறோம், வாடிக்கையாளரிடம் ‘உங்க போன்லதான் பிரச்சினை’ என்று அடித்துச் சொல்கிறோம்.

அன்று: வாய்ப்பக்கத்தில் இருந்த கரித்துகள்

பழைய ரிசீவரின் வாய்ப்பக்க மூடியைத் திருகிக் கழற்றினால், உள்ளே வட்டமான உலோகக் குப்பி ஒன்று இருக்கும். அதைக் காதருகே வைத்து ஆட்டினால் மணல்போல் சரசரக்கும். உள்ளே இருப்பது கரித்துகள். ஒரு மெல்லிய தகடு நம் குரலுக்கேற்ப அதிர்ந்து, அந்தத் துகள்களை நெருக்கியும் தளர்த்தியும் விடும். துகள்கள் நெருங்கினால் மின்தடை குறையும், தளர்ந்தால் கூடும். எக்ஸ்சேஞ்சிலிருந்து 48 வோல்ட் பேட்டரி மின்சாரம் அந்தத் துகள்களின் வழியாகத்தான் ஓடிக்கொண்டிருக்கும். தடை ஏறி இறங்குவதற்கேற்ப மின்னோட்டமும் ஏறி இறங்கும். அந்த ஏற்ற இறக்கம்தான் கம்பியில் போகும் குரல்.

காதுப்பக்கத்தின் வேலை வேறு. அங்கே இருந்தது ஒரு காந்தம், ஒரு கம்பிச்சுருள், ஒரு தகடு. தேய்வதற்கோ இறுகுவதற்கோ அதில் அதிகமாக ஒன்றும் இல்லை. அதனால்தான் ஒரே ரிசீவரில் காதுப்பக்கம் பல வருடம் உழைக்க, வாய்ப்பக்கம் முதலில் சோர்ந்துபோகும். பேசுபவரின் மூச்சுக்காற்றின் ஈரமும், மழைக்கால ஈரப்பதமும், வருடக்கணக்கில் ஒரே நிலையில் தொங்கிக் கிடப்பதும் சேர்ந்து துகள்களை ஒன்றோடொன்று ஒட்டி இறுகவைத்துவிடும்.

இங்கே கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. வாய்ப்பக்கத்தின் மின்தொடர்பு அடியோடு அறுந்துபோயிருந்தால் கால் நிற்கவே நிற்காது. லைனின் மின்சாரமே அந்த வழியாக ஓடுவதால், ரிசீவரைக் கீழே வைத்துவிட்டார்கள் என்று எக்ஸ்சேஞ்ச் நினைத்துக்கொள்ளும். துகள் இறுகும்போது அப்படி ஆவதில்லை. மின்சாரம் ஓடிக்கொண்டேயிருக்கும், இணைப்பும் நிற்கும், எதிர்முனைக் குரலும் தெளிவாக வரும். ஆனால் நம் குரலுக்குத் துகள்கள் அசைந்துகொடுக்காது. மின்னோட்டம் ஏறாமல் இறங்காமல் ஒரே சீராகப் போகும். ‘எனக்குக் கேட்கிறது, அவருக்குக் கேட்கவில்லை’ என்ற நிலை அன்று பிறந்த இடம் இதுதான்.

வைத்தியமும் எளிதாக இருந்தது. ரிசீவரை உள்ளங்கையில் இரண்டு தட்டுத் தட்டுவார்கள். இறுகிய துகள் உதிர்ந்து தளர்ந்ததும் குரல் போகும். தட்டியும் சரியாகவில்லை என்றால் 198-க்குப் புகார் சொல்ல வேண்டும். லைன்மேன் வந்து மூடியைத் திருகி, பழைய குப்பியை எடுத்துவிட்டுப் புதியதைப் போடுவார். வேலை அதோடு முடிந்தது.

அதைவிட முக்கியமாக, கோளாறு நம்மிடம் இருக்கிறதா இல்லையா என்பதை அந்தப் போனே காட்டிக்கொடுத்தது. பழைய போனில் நாம் பேசுவது நம் காதிலும் கொஞ்சம் கேட்கும். போவதும் வருவதும் ஒரே இரட்டைக் கம்பியில் என்பதால், குரலில் ஒரு பங்கு இயல்பாகவே காதுப்பக்கமும் வந்துவிடும். அது அளவுக்கு மீறிவிடக் கூடாது என்பதற்காகப் போனுக்குள் ஒரு சுருளை வைத்து அதைக் குறைத்தார்களே தவிர, முற்றிலும் நிறுத்தவில்லை. அந்தக் காலத்து ஆட்கள் ரிசீவரின் வாயில் ‘ஃபூ, ஃபூ’ என்று ஊதிப் பார்த்தது இதற்காகத்தான். ஊதியது தன் காதில் கேட்டால் வாய்ப்பக்கம் உயிரோடு இருக்கிறது. கேட்காவிட்டால் கோளாறு தன் கையில். எந்தக் கருவியும் இல்லாமல், ஒரு நொடியில், பாதி விசாரணை முடிந்துவிடும்.

அன்று: வெளியூரும் காசுப் பெட்டியும்

உள்ளூர்க் காலில் இரண்டு குரலுக்கும் ஒரே ஜோடிக் கம்பி. கம்பி அறுந்தால் இரண்டு பேருக்கும் அறும். ஒருவழிக் கோளாறுக்கு அங்கே வாய்ப்புக் குறைவு. வெளியூர் டிரங்க் லைனில் நிலைமை வேறு. தூரம் கூடக்கூடக் குரல் தேயும், வழியில் பெருக்கிகள் வைத்துத் தூக்கிவிட வேண்டும். பெருக்கி என்பது ஒரு பக்கம் வாங்கி மறுபக்கம் கொடுக்கும் கருவி, எதிர்த்திசையில் அது வேலை செய்யாது. அதனால் டிரங்க் பாதையில் போகும் குரலையும் வரும் குரலையும் இரண்டாகப் பிரித்து, தனித்தனிப் பாதையில் கொண்டுபோனார்கள். அந்த இரண்டில் ஒன்று பழுதானால், ஒருவருக்கு மட்டும் கேட்காது.

இந்தியாவில் ஆபரேட்டர் இல்லாமல் நேரே டயல் செய்யும் எஸ்டிடி வசதி 1960-இல் லக்னோ – கான்பூர் இடையே தொடங்கியது. அது ஊர் ஊராகப் பரவிய காலத்தில் வீட்டுக்கு வீடு ஒரு வழக்கம் வந்தது: ‘ஒன்சைடாக் கேட்குது, வெச்சுட்டுத் திரும்பப் போடு.’ அந்த யோசனை பலித்ததற்குக் காரணம் உண்டு. திரும்ப டயல் செய்தால் அநேகமாக வேறொரு டிரங்க் பாதை கிடைக்கும். பழுதானது அந்த ஒரு பாதை மட்டும்தான் என்பதால் அடுத்த காலில் எல்லாம் சரியாக இருக்கும். மறுபடி மறுபடி போட்டும் அதே நிலை என்றால், பாதையை விட்டுவிட்டுத் தன் ரிசீவரை ஊதிப் பார்ப்பார்கள்.

வேண்டுமென்றே ஒருவழியாக வைத்த போன்களும் இருந்தன. ஒரு ரூபாய்க் காசுப் பெட்டியை நினைத்துப் பாருங்கள். எண்ணைச் சுழற்றி, எதிர்முனையில் எடுத்து ‘ஹலோ’ சொல்வது காதில் விழுந்த பிறகுதான் காசைப் போடுவோம். காசு உள்ளே விழும்வரை நம் குரல் அந்தப் பக்கம் போகாது. யாரும் எடுக்காவிட்டால் காசு மிச்சம், எடுத்தால் காசு போடாமல் பேச முடியாது. காசு சிக்கிக்கொண்டால் மட்டும் நாம் இங்கே கத்த, அவர் அங்கே ஹலோ சொல்லிச் சலித்து வைத்துவிடுவார்.

இந்த மூன்றுக்கும் பொதுவான ஒன்று உண்டு. கரித்துகள், டிரங்க் பாதை, காசுப் பெட்டி என்று எதுவானாலும், குரல் கிளம்பிய இடத்திலோ போகும் பாதையிலோதான் கோளாறு. கேட்பவர் பக்கம் குறை இருந்தால் அது அவருடைய காதுப்பக்கம் கெட்டுப்போவதுதான், அப்போது அவருக்கு டயல் டோனே கேட்காது. ஆகவே ‘உன் போன் சரியில்லை’ என்று கேட்காதவர் சொன்னால், பெரும்பாலும் அது சரியாகவே இருந்தது.

இன்று: குரல் போக ஒரு முகவரி வேண்டும்

இணையத் தொலைபேசியில் குரல் இப்போது தொடர்ந்த மின்னோட்டம் இல்லை. பொதுவான அமைப்பில் 20 மில்லிவினாடிக்கு ஒரு துண்டாகக் குரல் நறுக்கப்பட்டு, வினாடிக்கு 50 பொட்டலங்கள் அனுப்பப்படுகின்றன. என் குரலின் பொட்டலங்கள் ஒரு வரிசை, அவர் குரலின் பொட்டலங்கள் வேறொரு வரிசை. டிரங்க் பாதையில் மட்டும் இருந்த அந்தப் பிரிவினை இன்று காலின் முதல் அங்குலத்திலிருந்தே இருக்கிறது. ஒரு வரிசை முழுதாக நின்றுபோனாலும் மற்றொன்றுக்கு அது தெரியாது.

இந்தப் பொட்டலங்களைக் கொண்டுபோகும் முறைக்கு ஆர்டிபி என்று பெயர், 1996-இல் வகுத்தது. மணி அடிப்பது, எடுப்பது, வைப்பது ஆகிய வேலைகளைப் பார்ப்பது எஸ்ஐபி என்ற வேறொரு முறை, முதலில் 1999-இல் வந்து 2002-இல் திருத்தி வகுக்கப்பட்டது. மணி அடிக்கும் வழி வேறு, குரல் போகும் வழி வேறு என்பதால்தான், போன் அடித்து, எடுத்து, நேரம் ஓடி, குரல் மட்டும் வராத விந்தை நடக்கிறது.

குரல் எங்கே போக வேண்டும் என்பது எப்படி முடிவாகிறது? கால் தொடங்கும்போதே இரண்டு பக்கமும் ஒரு சிறு குறிப்பை மாற்றிக்கொள்கின்றன. அதில் இந்த இரண்டு வரி இருக்கும்:

```
c=IN IP4 192.168.10.5
m=audio 14022 RTP/AVP 8 101
```

‘உன் குரலை 192.168.10.5 என்ற முகவரியில், 14022-ஆம் போர்ட்டுக்கு அனுப்பு’ என்பது இதன் பொருள். அதாவது, என் குரல் எங்கே போக வேண்டும் என்று எனக்குச் சொல்வது நான் பேசப்போகும் ஆள்தான். அவர் தவறான முகவரியைக் கொடுத்தால், நான் ஒழுங்காகப் பேசி, ஒழுங்காக அனுப்பி, என் குரல் தொலைந்துபோகும். அவர் குரலோ நான் கொடுத்த சரியான முகவரிக்கு வந்துகொண்டேயிருக்கும்.

192.168 என்று தொடங்கும் முகவரி வீட்டுக்குள்ளும் அலுவலகத்துக்குள்ளும் மட்டும் செல்லும். தபால் உறையில் தெரு, ஊர் எதுவும் எழுதாமல் ‘மாடி அறை, இரண்டாவது கதவு’ என்று மட்டும் எழுதிப் போட்டது போன்றது அது. ஒரே முகவரியை லட்சக்கணக்கான கட்டடங்களில் வைத்திருப்பார்கள். வெளியுலகுக்குத் தெரிவது ரவுட்டரின் பொது முகவரி ஒன்றுதான். உள்முகவரியைப் பொது முகவரியாக மாற்றித் தரும் வேலையை ரவுட்டர் செய்கிறது. ஆனால் அது மாற்றுவது பொட்டலத்தின் மேலுறையில் உள்ள முகவரியை. குறிப்பின் உள்ளே எழுதியிருப்பதைச் சாதாரண ரவுட்டர் பிரித்துப் படிப்பதில்லை.

ஒரு கோளாற்றைப் பின்தொடர்ந்து

திருப்பூரில் இருபது பேர் வேலை பார்க்கும் ஒரு ஏற்றுமதி அலுவலகம் என்று வைத்துக்கொள்வோம். உள்ளே ஆஸ்டரிஸ்க் மென்பொருளில் ஓடும் ஒரு இபிஏபிஎக்ஸ், அதன் உள்முகவரி 192.168.10.5. வெளிக்கால்கள் இணையம் வழியே ஒரு எஸ்ஐபி டிரங்க் நிறுவனத்திடம் போகின்றன. ஒரு வெள்ளிக்கிழமை மாலை இணைய இணைப்பை வேறு நிறுவனத்துக்கு மாற்றுகிறார்கள். சனிக்கிழமை காலையிலிருந்து எல்லா வாடிக்கையாளரும் ஒரே புகாராகச் சொல்கிறார்கள்: “நீங்க பேசறது நல்லாக் கேட்குது, நாங்க பேசறதுதான் உங்களுக்குக் கேட்க மாட்டேங்குது.”

முதலில் நடப்பது ஹெட்செட் மாற்றம். பிறகு மேஜைப் போன் மாற்றம். வாடிக்கையாளரிடம் “சார், வேற நம்பர்ல இருந்து கூப்பிடுங்க” என்று ஒரு வேண்டுகோள். இவற்றில் எதுவும் பலிக்காது, பலிக்க வழியும் இல்லை. அலுவலகத்துக்குள் ஒரு மேஜையிலிருந்து இன்னொரு மேஜைக்குப் பேசினால் இரண்டு பக்கமும் தெளிவாகக் கேட்கிறது. ஹெட்செட்டும் போனும் சரியாக இருக்கின்றன என்பதற்கு இதுவே போதும். எல்லா வெளி எண்ணுக்கும் ஒரே மாதிரி நடப்பதால் வாடிக்கையாளரின் போனையும் விட்டுவிடலாம்.

அடுத்துப் பார்க்க வேண்டியது பொட்டலம் வருகிறதா என்பதை. ஆஸ்டரிஸ்க் திரையில் இந்தக் கட்டளையைக் கொடுத்துவிட்டு ஒரு வெளிக்கால் பேச வேண்டும்:

```
rtp set debug on
```

எல்லாம் சரியாக இருந்தால் `Sent RTP packet to` என்ற வரியும் `Got RTP packet from` என்ற வரியும் மாறி மாறி ஓடும். இங்கே வெளிப்பக்கத்தின் முகவரிக்கு `Sent` வரிகள் மட்டும் மழையாக வருகின்றன. அந்த முகவரியிலிருந்து `Got` ஒன்றுகூட இல்லை. அலுவலகத்தின் குரல் போகிறது, வாடிக்கையாளரின் குரல் கட்டடத்தின் வாசலுக்கே வரவில்லை. மைக், ஒலியளவு, ஹெட்செட் என்ற பேச்செல்லாம் இதோடு முடிகிறது.

இனி அலுவலகம் வெளியே கொடுத்த குறிப்பைப் பார்க்க வேண்டும். `pjsip set logger on` என்று கொடுத்தால் காலின் குறிப்புகள் திரையில் வரும். அதில் முகவரி வரி இப்படி இருக்கிறது:

```
c=IN IP4 203.0.113.20
```

இது பொது முகவரிதான், ஆனால் வெள்ளிக்கிழமை வரை இருந்த பழைய இணைப்பின் முகவரி. புதிய இணைப்பின் முகவரி 198.51.100.7. இபிஏபிஎக்ஸை நிறுவியவர் அன்று `pjsip.conf` கோப்பில் பழைய முகவரியைக் கையால் எழுதிவைத்திருந்தார். இணைப்பு மாறியது, கோப்பு மாறவில்லை. டிரங்க் நிறுவனம் வாடிக்கையாளரின் குரலை, சொன்னபடியே, வினாடிக்கு 50 பொட்டலம் வீதம் பழைய முகவரிக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. மணி அடித்ததற்கும் கால் நின்றதற்கும் காரணம், டிரங்க் நிறுவனத்தோடு பேச்சைத் தொடங்கிப் பதிவு செய்வது அலுவலகம் என்பது. அந்தப் பதிவு எந்த முகவரியிலிருந்து வருகிறதோ அங்கேயே பதில் திரும்பிவிடும்.

திருத்தம் இரண்டு வரிதான்:

```
external_media_address=198.51.100.7
external_signaling_address=198.51.100.7
```

இதில் பலரும் தடுக்கி விழும் ஓர் இடம் உண்டு. இந்த வரிகள் இருப்பது கோப்பின் டிரான்ஸ்போர்ட் பகுதியில். வழக்கமான அமைப்பில் `reload` கொடுத்தால் அந்தப் பகுதி புதுப்பிக்கப்படாது, ஆஸ்டரிஸ்க்கை நிறுத்தி மறுபடி தொடங்க வேண்டும். திருத்தியும் சரியாகவில்லையே என்று நல்ல திருத்தத்தை அழித்துவிடுவது இங்கேதான் நடக்கிறது.

முகவரி சரியான பிறகும் ஒரு தடை மீதமிருக்கலாம். புதிய ரவுட்டருக்குக் குரல் போர்ட்டுகளை உள்ளே விடச் சொல்லியிருக்க மாட்டார்கள். `rtp.conf` கோப்பில் `rtpstart`, `rtpend` என்று எழுதியிருக்கும் வரம்பை, வழக்கமாக 10000 முதல் 20000 வரை, யுடிபி வகையில் இபிஏபிஎக்ஸுக்குத் திருப்பிவிட வேண்டும். டிரங்க் நிறுவனத்தின் முகவரிகளிலிருந்து வருவதை மட்டும் அனுமதித்தால் பாதுகாப்பும் கெடாது. கூடவே ரவுட்டரில் `SIP ALG` என்ற வசதி இயங்குகிறதா என்று பார்த்து, இயங்கினால் நிறுத்திவைப்பது நல்லது. குறிப்பின் உள்ளே உள்ள முகவரியைத் தானே திருத்தித் தருவதற்காக வைத்த வசதி அது. அரைகுறையாகத் திருத்தி, சரியாக இருந்ததையும் கெடுத்துவிடும் ரவுட்டர்கள் நிறைய.

இதே பிழை உள்ள பல அலுவலகங்களில் கால்கள் தடையில்லாமல் ஓடுகின்றன என்பதையும் சொல்ல வேண்டும். சில டிரங்க் நிறுவனங்கள் குறிப்பில் எழுதிய முகவரியை நம்புவதில்லை. முதல் பொட்டலம் எங்கிருந்து வந்ததோ அங்கேயே திருப்பி அனுப்புகின்றன. அங்கே பிழை மறைந்து கிடக்கும். நிறுவனத்தை மாற்றும் நாளில் வெளியே வரும். ‘ரெண்டு வருஷமா நல்லாத்தானே ஓடிச்சு’ என்பது அமைப்பு சரியாக இருந்தது என்பதற்குச் சான்றாகாது.

நடுவில் தொடங்கும் ஒருவழிக் குரலுக்குக் காரணம் வேறு. காலை ஹோல்டில் போட்டு எடுத்த பிறகு ஒரு பக்கம் மௌனமானால், குறிப்பில் இருக்கும் திசை வரியைப் பார்க்க வேண்டும். ஹோல்டில் போடும்போது `a=sendonly` என்று ஒரு வரி போகும், ‘நான் இசையை அனுப்புகிறேன், நீ அனுப்பாதே’ என்று பொருள். எடுக்கும்போது அது `a=sendrecv` ஆக மாற வேண்டும். மாறாவிட்டால், காசு விழாத பெட்டியில் நடந்ததுதான் இங்கும் நடக்கும்.

இன்று: கையில் இருக்கும் மொபைல்

மொபைலில் முகவரிப் பிழை நம்மை எட்டுவது அரிது. குழுக் கூட்டத்துக்குப் பயன்படும் வெப்ஆர்டிசி வகைச் செயலிகளும் பேச்சு தொடங்கும் முன்பே சோதனைப் பொட்டலம் அனுப்பி, இரண்டு திசையும் திறந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் தொடங்குகின்றன. மொபைலில் ஒருவழிக் குரலுக்குப் பெரும்பாலும் காரணம் மூன்று.

முதலாவது சிக்னல். டவரின் ஆற்றல் பல வாட். நம் 4ஜி போன் அதிகபட்சம் அனுப்பக்கூடியது சுமார் 0.2 வாட். டவர் பேசுவது போனுக்குக் கேட்கும் தூரத்தில், போன் பேசுவது டவருக்குக் கேட்காமல் போகும் ஒரு விளிம்பு இருக்கிறது. அந்த விளிம்பில் நிற்பவருக்கு எதிர்முனைக் குரல் தெளிவாக வரும், அவர் குரல் மட்டும் அறுந்து அறுந்து போகும் அல்லது போகவே போகாது. திரையில் தெரியும் கோடுகள் இதைச் சொல்லாது. அவை காட்டுவது டவரை நம் போன் எவ்வளவு நன்றாகக் கேட்கிறது என்பதை மட்டும். நம்மை டவர் எப்படிக் கேட்கிறது என்பதற்குத் திரையில் அளவுகோல் இல்லை. ஒரே வீட்டில் உள்ளறையில் இப்படியும், வாசலில் சரியாகவும் இருந்தால் இதுதான் காரணம். ஜன்னலருகே போவதும், வைஃபை காலிங்கை இயக்குவதும் பலிக்கும். போனைத் தட்டுவது பலிக்காது.

இரண்டாவது, குரல் வேறு மைக்குக்குப் போய்விடுவது. பையில் கிடக்கும் இயர்பட், வாசலில் நிற்கும் கார், அடுத்த அறையில் இருக்கும் ஸ்பீக்கர் என ஏதாவது ஒரு புளூடூத் கருவியோடு போன் இணைந்திருக்கும். செயலிக் கால் என்றால் மைக் அனுமதியையும் பார்க்க வேண்டும். 2015-இல் வந்த ஆண்ட்ராய்டு 6 முதல் ஒவ்வொரு செயலிக்கும் மைக் அனுமதியைத் தனியாகத் தருகிறோம். அவசரத்தில் ‘வேண்டாம்’ என்று அழுத்தியிருந்தால் அந்தச் செயலியில் மட்டும் நம் குரல் போகாது, சாதாரணக் காலில் ஒரு குறையும் இருக்காது.

மூன்றாவது, மைக்கே. இன்றைய போனில் மைக் ஒன்று இல்லை. கீழ் விளிம்பில் ஒன்று, மேலே ஒன்று, சிலவற்றில் கேமராவருகே இன்னொன்று. காதில் வைத்துப் பேசும்போது கீழ் மைக்தான் முக்கியம், ஸ்பீக்கரில் போடும்போது பல போன்கள் வேறு மைக்கை எடுத்துக்கொள்கின்றன. அதனால் ஒரு எளிய சோதனை இருக்கிறது. காதில் வைத்தால் கேட்கவில்லை, ஸ்பீக்கரில் போட்டால் கேட்கிறது என்றால், கீழ் மைக்கின் துளையில் தூசி அடைத்திருக்கலாம், கவர் மறைத்திருக்கலாம் அல்லது மைக் பழுதாகியிருக்கலாம். வாய்ஸ் ரெக்கார்டரில் பதிந்து கேட்டால் உறுதியாகும். துளையைச் சுத்தம் செய்ய மென்மையான தூரிகை போதும். சிம் எடுக்கும் ஊசியை மட்டும் விடாதீர்கள், பல போன்களில் மைக் துளையும் சிம் துளையும் பக்கத்தில்தான் இருக்கின்றன. ஊசி உள்ளே போனால் நல்ல மைக்கும் கெடும்.

பழைய ரிசீவர் தந்த ஒன்றை இன்றைய கருவிகள் பல தருவதில்லை. இயர்பட் மாட்டியோ ஸ்பீக்கரில் போட்டோ பேசும்போது நம் குரல் நம் காதில் திரும்பி வராது. சில போன்கள் காதுப்பக்கத்தில் கொஞ்சம் சேர்த்துத் தருகின்றன, ஆனால் அது போனுக்குள்ளேயே கலந்து கொடுப்பது. மைக் வேலை செய்கிறது என்பதைத் தவிர, குரல் வெளியே போனதா என்பதற்கு அது சாட்சி ஆகாது. ஊதிப் பார்த்து முடிவுசெய்த காலம் போய்விட்டது. அந்த இடத்தில் இப்போது விசாரணையின் வரிசைதான் உதவும்.

எங்கே தேடுவது, யாரிடம் சொல்வது

முதல் கேள்வி: எல்லாக் காலிலுமா, ஒரே ஆளிடம் மட்டுமா? யாரைக் கூப்பிட்டாலும், சாதாரணக் காலிலும் செயலியிலும், எந்த இடத்தில் நின்றாலும் நம் குரல் போகவில்லை என்றால் நம் மைக்கைப் பார்க்கலாம். ஒரே அலுவலகத்தை அழைக்கும்போது மட்டும் என்றால் நம் போனைத் தொட வேண்டாம், அந்த அலுவலகத்துக்குச் சொல்ல வேண்டும்.

இரண்டாவது கேள்வி: முதல் நொடியிலிருந்தா, நடுவிலா? முதல் நொடியிலிருந்தே எல்லா வெளிக்காலிலும் என்றால், அலுவலகத் தொலைபேசியில் முகவரியையோ போர்ட்டையோ சந்தேகிக்கலாம். நடந்துகொண்டே பேசும்போது என்றால் சிக்னல். ஹோல்டில் போட்டு எடுத்த பிறகு என்றால் திசை வரி.

புகார் கொடுக்கும்போது ‘வாய்ஸ் பிராப்ளம்’ என்று மட்டும் எழுதினால் தேடுபவருக்கு ஒன்றும் கிடைக்காது. எந்த எண்ணிலிருந்து எந்த எண்ணுக்கு, எந்தத் தேதி, எத்தனை மணிக்கு, யார் பேசியது யாருக்குக் கேட்கவில்லை என்ற நான்கையும் எழுதுங்கள். திசை தெரிந்தால் தேட வேண்டிய பாதை பாதியாகக் குறையும், நேரம் தெரிந்தால் அந்த ஒரு காலின் பதிவை எடுத்துப் பார்க்கலாம்.

அலுவலகம் நடத்துபவர்களுக்கு ஒரு வார்த்தை. ‘நீங்க பேசறது கேட்குது, நாங்க பேசறது கேட்கலையா?’ என்று இரண்டு வாடிக்கையாளர் சொல்லிவிட்டால், மூன்றாமவரிடம் அவர் போனைச் சரிபார்க்கச் சொல்லாதீர்கள். உங்கள் இபிஏபிஎக்ஸ் வெளியே கொடுக்கும் முகவரியைத் திறந்து பாருங்கள். இணைய இணைப்பையோ ரவுட்டரையோ மாற்றிய அன்றே, வேலையை முடித்துவிட்டு ஆள் கிளம்பும் முன், வெளியிலிருந்து ஒரு மொபைலில் கூப்பிட்டு இரண்டு பக்கமும் பேசிப் பாருங்கள்.